கூகுள் கணக்கில் பிறந்த தேதியும் வயது வரம்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூகுள் கணக்கு தொடங்க எத்தனை வயது ஆகியிருக்க வேண்டும்?

இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் 13 வயது நிறைந்திருக்க வேண்டும். அதாவது 13ஆவது பிறந்தநாள் அன்றிலிருந்து ஒருவர் தன் கணக்கைத் தானே வைத்துக்கொள்ளலாம். பிரான்சில் இது 15, ஜெர்மனியில் 16, இத்தாலியிலும் தென்கொரியாவிலும் 14.

இந்த வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் கணக்கே கூடாது என்று பொருள் இல்லை. பெற்றோர் மேற்பார்வையில் இயங்கும் கணக்கு வைத்துக்கொள்ளலாம். கூடாதது, பெரியவர்கள் வைத்திருப்பதைப் போன்ற தனிக்கணக்கு.

கணக்கு கிடைத்துவிட்டால் எல்லாச் சேவையும் கிடைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். யூடியூபில் தனியாக நேரலை செய்ய 16 ஆகியிருக்க வேண்டும். 2025 ஜூலை 22 வரை அது 13ஆக இருந்தது. வயது வந்தோர்க்கான காணொளிகளைப் பார்க்கவும், கூகுளின் விளம்பர வருமானச் சேவையான ஆட்சென்ஸ் வழியாகச் சொந்தப் பெயரில் பணம் பெறவும் 18 வேண்டும்.

13 என்ற எண் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் ஒரு சட்டத்திலிருந்து. 1998இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சிறுவர்களின் இணையத் தனியுரிமைக்காகக் கோப்பா என்ற சட்டத்தை நிறைவேற்றியது; அதன் விதிகள் 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. 13 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் விவரங்களை, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் இல்லாமல் இணைய நிறுவனங்கள் திரட்டக் கூடாது என்பது அதன் சாரம். பெரும்பாலான இணையச் சேவைகள் அமெரிக்காவில் பிறந்தவை என்பதால் அந்த எண் உலகம் முழுவதும் பரவிவிட்டது.

இந்தச் சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. பல கேள்விகளுக்கு விடை அதில்தான் இருக்கிறது. எல்லோருக்குமான பொதுவான சேவையை நடத்தும் நிறுவனம், எதிரில் இருப்பவர் குழந்தை என்று *தெரிந்த பிறகு* பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. நீங்கள் பிறந்த தேதிக் கட்டத்தில் ஓர் ஆண்டை நிரப்பும் அந்தக் கணத்தில் நிறுவனத்துக்கு அது 'தெரிந்துவிடுகிறது'. விளையாட்டாக நிரப்பினேன், தவறிப்போய் அழுத்தினேன் என்பதெல்லாம் கணினிக்குத் தெரியாது. 2019 செப்டம்பரில் குழந்தைகளின் விவரங்களைத் திரட்டிய வழக்கில் கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டன. அப்படியிருக்க, சந்தேகத்தின் பலனைப் பயனருக்குத் தர எந்த நிறுவனமும் இப்போது முன்வராது.

ஐரோப்பாவில் எண்கள் வேறுபடுவதற்குக் காரணம், அங்குள்ள தனியுரிமைச் சட்டம் 16 என்று வைத்துவிட்டு, உறுப்பு நாடுகள் விரும்பினால் 13 வரை குறைத்துக்கொள்ளலாம் என்று விட்டதுதான்.

என் கணக்கு எந்த நாட்டு விதிக்குக் கீழே வருகிறது என்று எப்படிப் பார்ப்பது?

கணக்கில் உள்நுழைந்த நிலையில் `policies.google.com/terms` பக்கத்தைத் திறந்தால், உங்கள் கணக்கு எந்த நாட்டோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்று அங்கேயே எழுதியிருக்கும். சென்னையிலிருந்து ஜெர்மனிக்குக் குடிபோன குடும்பங்கள் இதைப் பார்த்துவைப்பது நல்லது. இங்கே 13 வயதில் கணக்கு தொடங்கத் தகுதி உள்ள பிள்ளை அங்கே 16 வரை காத்திருக்க வேண்டும். மேற்பார்வைக் கணக்கு அமைக்கும்போதும் இது குறுக்கே வரும், ஏனென்றால் பெற்றோர் கணக்கும் பிள்ளை கணக்கும் ஒரே நாட்டில் இருந்தாக வேண்டும். அப்பா துபாயிலும் பிள்ளை திருச்சியிலும் இருக்கும் வீடுகளில் அம்மாவின் கணக்கு வழியாகச் செய்வதே எளிது.

பதிவான பிறந்த தேதியை எங்கே பார்ப்பது? யார் யாருக்குத் தெரியும்?

`myaccount.google.com` போய், 'தனிப்பட்ட தகவல்' பகுதியில் 'பிறந்தநாள்' என்பதைத் தொடுங்கள். தேதியும், அதற்குக் கீழே யார் பார்க்கலாம் என்ற தெரிவும் இருக்கும். 'நீங்கள் மட்டும்' என்று வைத்திருந்தால் வேறு யாருக்கும் தெரியாது. அதனால், அந்தரங்கம் கருதிப் பொய்த் தேதி கொடுக்க வேண்டிய தேவை இங்கே இல்லை. ஒருமுறை பதிவான தேதியை மாற்ற முடியும், அழித்துவிட்டு வெறுமையாக வைக்க முடியாது.

மேற்பார்வையில் உள்ள பிள்ளைக் கணக்கில் தேதியைப் பெற்றோர்தான், மேற்பார்வைக்காகக் கூகுள் தரும் ஃபேமிலி லிங்க் செயலியில் திருத்த வேண்டும்.

எனக்கு 34 வயது. என் கணக்கு எப்படிச் சிறுவர் கணக்காகக் குறிக்கப்பட்டது?

பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, ஆண்டுத் தவறு. 1991 என்பதற்குப் பதில் 2019 என்று விரல் பட்டிருக்கும். பிறந்தநாள், மாதம் இரண்டையும் கவனமாகப் போட்டுவிட்டு, நடப்பு ஆண்டை அப்படியே விட்டுவிடுவோர் உண்டு, அந்த ஆண்டின் பிறந்தநாள் வாழ்த்து என்ற நினைப்பில்.

இரண்டாவது, கடைக்கோ அமைப்புக்கோ தொடங்கிய கணக்கில் அந்தக் கடை திறந்த நாளையே பிறந்த தேதியாகக் கொடுத்தது. இது நம்மூரில் மிக அதிகம். 2017இல் திறந்த கடைக்கு 2017 என்று போட்டால், கணினியின் கணக்கில் அது எட்டு ஒன்பது வயதுக் குழந்தை. கணக்கை யாருக்காகத் தொடங்கினாலும் அந்தக் கட்டம் கேட்பது அதை இயக்கும் மனிதரின் பிறந்த தேதியைத்தான். வளர்ப்பு நாய்க்கும் திருமண மண்டபத்துக்கும் இதே விதிதான். 2018இல் ட்விட்டர் இப்படிப்பட்ட கணக்குகள் பலவற்றை முடக்கியபோது, நிறுவனம் தொடங்கிய நாளைப் பிறந்த தேதியாகக் கொடுத்திருந்தவர்களும் அதில் சிக்கினார்கள்.

மூன்றாவது, பிள்ளை பயன்படுத்தும் கணக்கில் பிள்ளையே ஆண்டை உண்மையானதாகத் திருத்தியது. கணக்கு தொடங்கிய நாளில் அண்ணன் 1998 என்று போட்டிருப்பான். பின்னால் பிள்ளை, தன் பிறந்தநாளுக்குத் திரையில் வாழ்த்து வரட்டும் என்று சரியான ஆண்டை நிரப்பும். பிள்ளை செய்தது நேர்மையான காரியம்தான், ஆனால் கணக்கு அன்றே குறிக்கப்பட்டுவிடும்.

குறிக்கப்பட்ட பிறகு என்ன நடக்கும்? எவ்வளவு நாள் இருக்கிறது?

இரண்டு கெடுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. அறிவிப்பு வந்த நாளிலிருந்து 14 நாள் முதல் கெடு. அதற்குள் உங்கள் வயதை நிரூபிக்கலாம் அல்லது கணக்கைப் பெற்றோர் மேற்பார்வைக்கு மாற்றலாம். இரண்டும் செய்யாவிட்டால் கணக்கு முடக்கப்படும். முடக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாள் இரண்டாவது கெடு. அதுவும் கடந்தால் கணக்கிலுள்ள தகவல்களை அழிக்கத் தொடங்குவார்கள்.

ஜூன் 3ஆம் தேதி அறிவிப்பு வந்தால் ஜூன் 17 வரை கணக்கு இயங்கும், ஜூலை 17 வரை மீட்க வாய்ப்பு இருக்கும். உங்கள் திரையில் வேறு தேதி எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

முதல் 14 நாளும் பிற்பாடு வரும் 30 நாளும் ஒன்றல்ல. முதல் கட்டத்தில் ஜிமெயில், போட்டோஸ், டிரைவ் எல்லாம் கையில் இருக்கும். வேண்டியதை எடுத்து வைக்கலாம். இரண்டாவது கட்டத்தில் உள்நுழைந்தால் வயதுத் திரைதான் வரவேற்கும். 'இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறதே' என்று கணக்கிடுபவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

ஆண்டை மறுபடி 1991 என்று மாற்றிவிட்டால் சரியாகிவிடாதா?

ஆகாது. குறிக்கப்பட்ட பிறகு வெறும் தேதித் திருத்தத்தை ஏற்கமாட்டார்கள், நிரூபணம் கேட்பார்கள். மேலே சொன்ன 'தெரிந்த பிறகு' என்ற நுணுக்கம்தான் காரணம். ஒரு குழந்தை தன் வயதை ஒன்பது என்று சொல்லிவிட்டு, கதவு மூடப்பட்டதும் முப்பத்து நான்கு என்று மாற்றிச் சொன்னால் நம்பலாமா என்ற கேள்வி அவர்களுக்கு வரும். அது நியாயமான கேள்விதான்.

13க்கும் 18க்கும் இடைப்பட்ட வயதாகப் பதிவானவர் 18ஐத் தாண்டிய தேதியாக மாற்ற முயன்றாலும் சான்று கேட்கப்படலாம்.

அடையாளச் சான்று கேட்கிறது. எதைக் கொடுப்பது, எப்படிப் படம் எடுப்பது?

கணக்கில் உள்நுழைந்தால் வரும் வயதுத் திரையிலேயே வழிகள் காட்டப்படும். அரசு வழங்கிய அடையாள அட்டையின் படம், கிரெடிட் கார்டு ஆகியவை வழக்கமானவை. எந்தெந்த வழி கிடைக்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் திரையில் உள்ளதில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

அட்டையில் அவர்களுக்கு வேண்டியது பிறந்த தேதி. நாள், மாதம், ஆண்டு மூன்றும் அச்சிட்டிருக்க வேண்டும். ஆதாரைக் கொடுப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். முன்பு வழங்கிய ஆதார் அட்டைகள் பலவற்றில் பிறந்த ஆண்டு மட்டும்தான் இருக்கும், தேதி இருக்காது. அதைக் கொடுத்தால் தேதியைச் சரிபார்க்க வழியில்லை. கடவுச்சீட்டோ ஓட்டுநர் உரிமமோ இருந்தால் அதை முதலில் எடுங்கள். ஆதார்தான் கையில் இருக்கிறது, அதில் முழுத் தேதியும் இருக்கிறது என்றால், ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட பதிப்பைப் பதிவிறக்கி அதைக் கொடுப்பது பாதுகாப்பு. வயது நிரூபிக்க முழு எண் தேவையில்லை.

படம் நிராகரிக்கப்படுவதற்கு வயது காரணமாக இருப்பது அரிது, படம்தான் காரணமாக இருக்கும். லேமினேஷன் செய்த அட்டையில் மேலே விளக்கு எரிந்தால் தேதி இருக்கும் இடத்தில் வெள்ளைத் திட்டு விழும். ஜன்னல் அருகே பகல் வெளிச்சத்தில், கறுப்புத் துணிமேல் வைத்து, ஃப்ளாஷ் இல்லாமல் எடுங்கள். அட்டையின் நான்கு மூலைகளும் படத்துக்குள் இருக்கட்டும். எடுத்த பிறகு படத்தைப் பெரிதாக்கி, தேதியை நீங்களே வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். செராக்ஸ் பிரதியைப் படமெடுப்பது, வாட்ஸ்ஆப்பில் வந்த பழைய படத்தை அனுப்புவது, காலாவதியான கடவுச்சீட்டைக் கொடுப்பது ஆகிய மூன்றும் நாட்களை வீணாக்கும்.

பிறந்த தேதி சரிபார்க்கப்பட்டதும் அடையாள அட்டையின் படத்தை அழித்துவிடுவதாகக் கூகுள் சொல்கிறது.

கிரெடிட் கார்டு வழியில் பணம் போகுமா? டெபிட் கார்டு போதாதா?

பணம் எடுக்கமாட்டார்கள். ஒரு சிறு தொகையை வங்கி தற்காலிகமாக நிறுத்திவைத்து, பிறகு விடுவித்துவிடும். சில நாள் அறிக்கையில் அது தெரிந்தால் பதற வேண்டாம். கேட்பது கிரெடிட் கார்டு, ஏனென்றால் அதைப் பொதுவாகப் பெரியவர்களுக்கே வங்கிகள் வழங்குகின்றன. டெபிட் கார்டும் ப்ரீபெய்ட் கார்டும் சிறுவர்களிடமும் இருக்கலாம் என்பதால் வயதுக்குச் சான்றாகாது.

உங்கள் கார்டு இந்திய வங்கியினுடையது என்றால், இணைய வழிப் பரிமாற்றமும் வெளிநாட்டுப் பரிமாற்றமும் வங்கிச் செயலியில் திறந்திருக்கின்றனவா என்று முன்பே பாருங்கள். புதிய கார்டுகளில் இவை மூடியே வரும். கூகுள் மறுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்போம், மறுத்தது வங்கியாக இருக்கும்.

பத்து வயதுப் பிள்ளையின் கணக்கை அப்பாவின் கார்டால் 'பெரியவர் கணக்கு' ஆக்குவது வயது நிரூபணம் ஆகாது. இன்னொரு நாள் வேறு வழியில் அது மறுபடி குறிக்கப்படலாம். அப்போது போவதும் அதிகமாக இருக்கும்.

கடைக் கணக்கு மாட்டிக்கொண்டது. கூகுள் மேப்பில் உள்ள எங்கள் கடைப் பக்கமும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. என்ன வரிசையில் செய்வது?

ஒரு எடுத்துக்காட்டு வைத்துப் பார்ப்போம். ஈரோட்டில் ஒரு துணிக்கடை. 2016 ஆகஸ்ட் 15இல் திறந்தது. கடைக்கான ஜிமெயிலில் அந்த நாளையே பிறந்த தேதியாக யாரோ நிரப்பியிருக்கிறார்கள். மார்ச் 2ஆம் தேதி அறிவிப்பு வருகிறது. மார்ச் 16 முதல் கெடு.

அன்றே செய்ய வேண்டியது சான்று அனுப்புவது. முதலாளியின் கடவுச்சீட்டைப் படமெடுத்து அனுப்புகிறார்கள். அது ஏற்கப்பட்டால் பிரச்சினை முடிந்தது. ஆனால் அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

அதே நாளில், கடையின் பிசினஸ் ப்ரொஃபைலுக்கு, அதாவது மேப்பில் உள்ள கடைப் பக்கத்துக்கு, முதலாளியின் சொந்த ஜிமெயிலை இன்னொரு உரிமையாளராகச் சேர்க்க வேண்டும். ஏன் அன்றே? புதிதாகச் சேர்க்கப்பட்ட உரிமையாளருக்கு முதல் 7 நாள் முழு அதிகாரம் கிடையாது. முதன்மை உரிமையைக் கைமாற்றுவது போன்ற வேலைகள் அதன் பிறகுதான் நடக்கும். மார்ச் 2இல் சேர்த்து, அவர் அன்றே அழைப்பை ஏற்றுக்கொண்டால் மார்ச் 9க்குப் பிறகு முதன்மை உரிமையை மாற்றலாம். கெடுவுக்கு இன்னும் ஒரு வாரம் மிச்சம். சான்று முதல்முறை நிராகரிக்கப்பட்டு, மார்ச் 11இல்தான் இந்த யோசனை வருகிறது என்றால் 7 நாள் முடிவது மார்ச் 18. அதற்குள் பழைய கணக்கு முடங்கியிருக்கும். ஐந்தாண்டாகச் சேர்ந்த வாடிக்கையாளர் மதிப்புரைகள் அந்தரத்தில் நிற்கும்.

அடுத்து, `takeout.google.com` போய் மெயில், தொடர்புகள், டிரைவ் கோப்புகள், போட்டோஸ் ஆகியவற்றின் பிரதியைக் கேளுங்கள். அளவு பெரிது என்றால் பிரதி தயாராக மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் ஆகும், அதனால் இதையும் தள்ளிப்போட முடியாது. தயாரானதும் வரும் இணைப்பு அதே ஜிமெயிலுக்குத்தான் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். பதிவிறக்கம் முடிந்த பிறகே எடுத்து வைத்ததாகக் கொள்ளலாம்.

எளிதில் மறந்துபோவது ஒன்று உண்டு. கூரியர் நிறுவனம், இணைய விற்பனைத் தளம், ஜிஎஸ்டி தளம் என்று எங்கெல்லாம் இந்த ஜிமெயில் பதிவாகியிருக்கிறதோ அங்கெல்லாம் வேறு மெயிலைச் சேர்க்க வேண்டும். 'கூகுள் வழியாக உள்நுழை' என்று நுழைந்த தளங்களில் தனிக் கடவுச்சொல் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு முடங்கிய பிறகு, கடவுச்சொல்லை மாற்ற அவர்கள் அனுப்பும் மெயிலும் முடங்கிய பெட்டிக்குள்தான் போகும்.

என் மகளுக்கு உண்மையிலேயே 10 வயதுதான். கணக்கைக் காப்பாற்ற முடியுமா?

முடியும். வயதுத் திரையில் பெற்றோரைச் சேர்க்கும் வழி இருக்கும். உங்கள் சொந்தக் கூகுள் கணக்கு தயாராக இருக்கட்டும். அதில் உங்கள் பிறந்த தேதி சரியாக, 18ஐத் தாண்டியதாக இருக்க வேண்டும். இரு கணக்கும் ஒரே நாடு. மகளின் கணக்கில் உள்நுழைந்து, உங்கள் மெயில் முகவரியைக் கொடுத்து, உங்கள் கடவுச்சொல்லால் நீங்கள் நுழைந்து, எந்தெந்த விவரங்கள் திரட்டப்படும் என்ற அறிவிப்பைப் படித்து ஒப்புதல் தர வேண்டும். சில நாடுகளில் நீங்கள் பெரியவர் என்பதற்கும் சான்று கேட்பார்கள். முடிந்ததும் மகளின் கணக்கு உங்கள் குடும்பக் குழுவுக்குள் வந்துவிடும். குழுவில் உங்களையும் சேர்த்து 6 பேர் வரை இருக்கலாம்.

வேலை நடுவில் நின்றுபோனால், மகளின் கணக்கு ஏற்கெனவே வேறு குடும்பக் குழுவில் இருக்கிறதா என்று பாருங்கள். மாமாவின் யூடியூப் பிரீமியத்துக்காக எப்போதோ சேர்த்திருப்பார்கள். ஒரே நேரத்தில் ஒரு குழுவில்தான் இருக்க முடியும்.

மேற்பார்வைக்கு வந்த பிறகு மெயிலும் படங்களும் தொடரும். செயலிகளை நிறுவ உங்கள் அனுமதி கேட்கும், போனுக்கு நேர வரம்பு வைக்கலாம், தேடலில் பாதுகாப்பு வடிகட்டி இயங்கும், அவள் விருப்பங்களை வைத்துக் குறிவைக்கும் விளம்பரம் வராது.

பிள்ளைக்கு யூடியூப் சேனல் இருக்கிறதே, அது?

இங்கேதான் இழப்பு. 13க்குக் கீழ் மேற்பார்வையில் உள்ள கணக்கால் காணொளி ஏற்றவோ, கருத்து எழுதவோ, நேரலை செய்யவோ முடியாது. பார்க்க மட்டுமே முடியும். ஆகவே மேற்பார்வைக்கு மாற்றுவதற்கு முன், 14 நாளுக்குள், சேனலின் எல்லாக் காணொளிகளையும் டேக்அவுட் வழியாக இறக்கி வைத்துவிடுங்கள். பிள்ளையின் நடனத்தையோ திருக்குறள் ஒப்பித்தலையோ தொடர்ந்து பதிவிட விரும்பினால், சேனல் பெற்றோரின் கணக்கில், பெற்றோர் நடத்துவதாக இருக்க வேண்டும். தொடக்கத்திலேயே அப்படிச் செய்தவர்களுக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை.

எனக்கு 25 வயது, பிறந்த தேதியும் சரி. ஆனாலும் '18க்குக் கீழ் என்று கருதுகிறோம்' என்று வருகிறது. கணக்கு போய்விடுமா?

போகாது. இது வேறு வகைக் குறி. 2025 ஆகஸ்ட் 13 முதல் யூடியூப் அமெரிக்காவில் ஒரு வயது மதிப்பீட்டு முறையைத் தொடங்கியது. நீங்கள் எழுதிய தேதியை விட்டுவிட்டு, எதைத் தேடுகிறீர்கள், எவ்வகைக் காணொளி பார்க்கிறீர்கள், கணக்கு எத்தனை ஆண்டு பழையது என்பதை வைத்து வயதை ஊகிக்கும். 18க்குக் கீழ் என்று ஊகித்தால், வயது வந்தோர்க்கான காணொளிகள் மூடப்படும், இடைவேளை எடுக்கவும் தூங்கப் போகவும் நினைவூட்டல் வரும், விருப்பம் சார்ந்த விளம்பரம் நிற்கும். ஓடுகிற கெடு எதுவும் இல்லை, கணக்கு முடங்காது.

ஊகம் தவறு என்றால் அடையாள அட்டை, கிரெடிட் கார்டு அல்லது செல்ஃபி வழியாக நிரூபிக்கலாம். சிலருக்கு ஏன் இது தவறாக வருகிறது என்பதைப் புரிந்துகொள்வது கடினமில்லை. வீட்டில் நான்கு வயதுக் குழந்தை நாள் முழுக்க அப்பாவின் கணக்கில் கார்ட்டூன் பார்த்தால், கணினி பார்ப்பது அந்தக் குழந்தையைத்தான்.

பள்ளி கொடுத்த மெயிலில் 9 வயது மகன் இருக்கிறான். அதுவும் குறிக்கப்படுமா?

பள்ளி நடத்தும் கணக்குக்கு இந்த விதி பொருந்தாது. அங்கே பொறுப்பு பள்ளி நிர்வாகிக்கு; பெற்றோர் ஒப்புதல் பெறுவதும் யார் 18க்குக் கீழ் என்று அமைப்பதும் அவர் வேலை. சிக்கல் இருந்தால் பள்ளியின் கணினி நிர்வாகியிடம் பேசுங்கள்.

'வயதைச் சரிபார்க்காவிட்டால் கணக்கு நீக்கப்படும்' என்று மெயில் வந்திருக்கிறது. உண்மையா, மோசடியா?

மெயிலில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். உலாவியில் `myaccount.google.com` என்று நீங்களே தட்டி உள்நுழையுங்கள். உண்மையான குறி என்றால் அங்கேயும் காட்டும். அங்கே எதுவும் இல்லை என்றால் மெயில் போலி. கிரெடிட் கார்டின் ஓடிபியைத் தொலைபேசியில் கேட்பவர், ஆதார் படத்தை வாட்ஸ்ஆப் எண்ணுக்கு அனுப்பச் சொல்பவர், 'உங்கள் கணக்கை மீட்டுத் தருகிறேன்' என்று கட்டணம் கேட்பவர் யாரும் கூகுளைச் சேர்ந்தவர் அல்லர்.

இரண்டு கெடுவும் தாண்டிவிட்டது. புதுக் கணக்கு தொடங்கலாமா?

வயது தகுதி இருந்தால் தொடங்கலாம், சரியான தேதியோடு. பழைய மெயிலோ படமோ வாங்கிய செயலியோ அதற்குள் வராது. அழிந்த முகவரியையே மறுபடி பெறவும் முடியாது. ஆனாலும் அழிப்பு தொடங்கிவிட்டது என்று நீங்களே முடிவு கட்டாமல், முதலில் பழைய கணக்கில் உள்நுழைந்து பாருங்கள். வயதுத் திரை இன்னும் வருகிறது என்றால் சான்று அனுப்ப வழி இருக்கிறது.

இந்தியாவில் புதுச் சட்டத்தில் 18 என்கிறார்களே, 13 மாறிவிட்டதா?

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 நிறையாத எவரையும் குழந்தை என்கிறது. அவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும் அவர்களைக் குறிவைக்கும் விளம்பரமும் கூடாது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஒப்புதல் தொடர்பான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டதால், அவை 2027 மே மாதத்தில்தான் முழுமையாகப் பிடிக்கும்.

இந்தச் சட்டம் 18க்குக் கீழ் உள்ளோர் கணக்கு வைத்திருப்பதைத் தடை செய்யவில்லை, பெற்றோர் கையெழுத்தைக் கேட்கிறது. கையெழுத்திடுபவர் பெரியவர்தானா என்று உறுதிசெய்ய, நிறுவனத்திடம் ஏற்கெனவே உள்ள விவரங்களையோ டிஜிலாக்கர் போன்ற வழியில் வரும் சான்றையோ பயன்படுத்தலாம் என்று விதிகள் சொல்கின்றன. அதாவது 15 வயது மகனின் கணக்குக்கு, இப்போது 10 வயது மகளுக்குச் செய்வதைப் போன்ற ஒரு படி வரப்போகிறது. அந்த நாளில் முதலில் சரிபார்க்கப்படப் போவது பெற்றோரின் பிறந்த தேதி. உங்கள் சொந்தக் கணக்கில் 1900 ஜனவரி 1 என்று ஏதாவது போட்டு வைத்திருந்தால், இப்போதே திருத்திவிடுங்கள்.